வேலிக்கு அப்பால் பதினெட்டு அடி

வலது கை விரல் நுனிகள் மூன்றும் கறுத்திருந்தன. சவர்க்காரத்துக்கும் தேசிக்காய்க்கும் அசையாத கறுப்பு. அந்த விரல்களுக்கிடையில் இருந்த பென்சில், அடிமட்டத்தின் ஓரமாக மேலிருந்து கீழே ஒரு கோட்டை இழுத்து நின்றது. பிறகு அடிமட்டம் ஒரு விரற்கடை நகர்ந்தது. இன்னொரு கோடு. ஆறு மாதத்துக்கு ஆறு நிரல். மழைக்கு ஒரு நிரை, கிணறுகளுக்கு மூன்று நிரை. கோடுகள் முடிந்ததும் இடது கை தாளைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தது. எங்கும் கோணல் இல்லை.

அட்டவணை சின்னதாக இருக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். பத்தாம் வகுப்புப் பிள்ளை அதை இரண்டு நிமிடத்தில் வாசித்து முடிக்கவேண்டும். அதற்கு மேல் போனால் பிள்ளை எண்ணுகிறதே தவிர யோசிக்கிறதில்லை. இன்னொரு பிடிவாதமும் இருந்தது. எண்கள் உண்மையாக இருக்கவேண்டும். போன வருடப் பரீட்சைத் தாளில் ஏதோ ஒரு குளிர்நாட்டு மழைவீழ்ச்சியைப் போட்டிருந்தார்கள். தை மாதத்தில் பனி கொட்டுகிற ஊர். அவருடைய ஊரான குறிஞ்சாக்கேணியில் ஒரு பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "சேர், பனிய எப்பிடி வாளியில அளக்கிற?" என்று கேட்டது. அன்றைக்கே மனதுக்குள் போட்டுவைத்தார்: எனக்கு ஒரு தாள் தந்தார்களென்றால், எங்கள் மழையையும் எங்கள் கிணற்றையும் வைத்துத்தான் கேட்பேன்.

தந்தார்கள். 1980ஆம் ஆண்டு மூன்றாம் தவணைக்கு, வட்டாரம் முழுவதற்குமான விஞ்ஞானத் தாளில் சுற்றாடல் பகுதியைத் தயாரிக்கும்படி வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. திருகோணமலைக்குப் படகேறுகிற கிண்ணியாத் துறைக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒருவரைக் கேட்பது அதுதான் முதல் தடவை. பட்டதாரியும் அல்ல அவர். மாணவ ஆசிரியராகச் சேர்ந்து, ஆய்வுகூட அலுமாரியில் கிடந்த பழைய புத்தகங்களைப் பார்த்துப் பார்த்துக் கை பழகியவர். ஊரில் ஆதம்பாவா மாஸ்டர் என்றால் தெரியும். "அம்பதடி மாஸ்டர்" என்றால் இன்னும் நன்றாகத் தெரியும்.

அந்தப் பெயருக்குக் காரணம் இருந்தது. கிணற்றுக்கும் கக்கூசுக் குழிக்கும் இடையில் ஐம்பது அடியாவது இருக்கவேண்டும் என்பதை வகுப்பில், பள்ளிவாசல் முற்றத்தில், கல்யாண வீட்டில் என்று ஓரிடம் விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெடியன்கள் அவர் தலையைக் கண்டால், "அம்பது, அம்பது" என்று ஒழுங்கையில் காலால் அளந்து நடப்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

மே மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதக் கடைசியிலும் மூன்று கிணறுகளில் தண்ணீர் எடுத்தார். 'அ' கிணறு மகள் றம்லாவின் வளவில் இருப்பது. கல்யாணத்தின்போது வீட்டையும் வளவையும் மகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அவரும் மனைவி ஸல்ஹாவும் அடுத்த ஒழுங்கையில் ஒரு சிறிய வீட்டுக்கு வந்திருந்தார்கள். 'ஆ' களப்புக் கரையோரத்துக் கிணறு, எப்போதும் கொஞ்சம் உப்பு. 'இ' றம்லாவின் வேலிக்கு அடுத்த பக்கம், மைமூனா வீட்டுக் கிணறு. அ-வும் இ-யும் ஒரே மணல், ஒரே ஆழம், ஒரே ருசி. ஏறினால் ஒன்றாக ஏறும், இறங்கினால் ஒன்றாக இறங்கும். களப்புக் கிணற்றைப் பிள்ளைகள் அவற்றோடு ஒப்பிடட்டும் என்றுதான் அப்படித் தெரிவு செய்திருந்தார்.

தண்ணீரில் ஐம்பது மில்லிலீற்றர் அளந்து குடுவையில் விட்டு, பொற்றாசியம் குரோமேற்று இரண்டு துளி போட்டால் மஞ்சளாகும். அளவி என்கிற கோடிட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து வெள்ளி நைத்திரேற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் மஞ்சள் செங்கல் நிறத்துக்குத் திரும்பும். அந்த இடத்தில் நிறுத்தவேண்டும்; இதற்குத்தான் நியமிப்பு என்று பெயர். எத்தனை மில்லிலீற்றர் போனதோ அதை இருபதால் பெருக்கினால், ஒரு லீற்றர் தண்ணீரில் இருக்கும் உப்பின் குளோரைட்டு மில்லிகிராமில் வந்துவிடும். அவர் கரைசலை அந்தக் கணக்குக்கு ஏற்றபடிதான் கரைத்து வைத்திருந்தார். விரல் கறுப்பும் அந்த வெள்ளி நைத்திரேற்றின் வேலைதான்.

"தாரு காய்ச்சிற ஆளுட கை மாதிரி இரிக்கி," என்றாள் ஸல்ஹா, தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக்கொண்டு. "இந்தக் கையோட கல்வி ஒபீசுக்குப் போனா உள்ள விடுவாங்களா?"

"கைய வாசல்ல வச்சிட்டுப் போறன்," என்றார்.

அன்று சனிக்கிழமை. திங்கள் பகல் பன்னிரண்டுக்குள் தாள் அலுவலகத்தில் இருக்கவேண்டும். ஒக்டோபர் நிரல் மட்டும் வெறுமையாக இருந்தது. முந்திய நாள் பள்ளிக்கூடத்தில் நியமிப்புச் செய்த எண்களைக் கொப்பியிலிருந்து பார்த்து எழுதத் தொடங்கினார்.

மழை: மே தொடங்கி 61, 18, 47, 92, 104. ஒக்டோபர் 268 மில்லிமீற்றர்.

அ கிணறு: 48, 55, 63, 66, 60. ஒக்டோபர் 42.

ஆ கிணறு: 210, 260, 310, 330, 290. ஒக்டோபர் 180.

கோடையில் தண்ணீர் வற்ற உப்பு ஏறுகிறது. மழை கொட்ட இறங்குகிறது. பிள்ளை பார்த்தவுடன் பிடிக்கவேண்டிய போக்கு அதுதான்.

இ கிணறு: 52, 58, 66, 70, 64. ஒக்டோபர் 118.

பென்சில் நின்றது.

கொப்பியைத் திருப்பிப் பார்த்தார். பிழையாகப் பார்த்து எழுதவில்லை. மூன்று தரம் நியமித்திருந்தார். 5.9, 5.9, 5.8. நேற்று அதைக் குறித்தபோது வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. எண்ணைப் பார்த்தாரே தவிர யோசிக்கவில்லை. எல்லாக் கிணறும் இறங்குகிற மாதத்தில் இந்தக் கிணறு மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்காக ஏறியிருந்தது.

போத்தல் கழுவாமல் இருந்திருக்கும் என்று தனக்குத் தானே சொன்னார். ஆனால் போத்தலைக் கழுவியது அவரேதான்.

மேசையில் கமலாதேவி ரீச்சரின் துண்டுக் கடிதம் கிடந்தது. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருப்பவர், பட்டதாரி, தாளைச் சரிபார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டியவர். முதல் வரைவைப் பார்த்துவிட்டு அனுப்பியிருந்தார்: 'மிக நல்ல வினா. ஒக்டோபர் எண்களிலும் போக்குத் தெளிவாக வரட்டும். எங்காவது இடித்தால் கொஞ்சம் திருத்திவிடுங்கள். பிள்ளைகளைக் குழப்பவேண்டாம்.'

அழிறப்பரை எடுத்தார். 118 போயிற்று. 46 என்று எழுதினார். அட்டவணை கழுவிவிட்ட முற்றம் போல ஆகிவிட்டது.

எந்த வினாவையும் விடை எழுதிப் பார்க்காமல் அவர் விடமாட்டார். புள்ளித் திட்டத்துக்கு வேறு தாள் எடுத்தார். முதலாவது, மிகக் குறைந்த மழை பெய்த மாதம் எது? யூன், ஒரு புள்ளி. இரண்டாவது, மழைக்கும் குளோரைட்டுக்கும் உள்ள தொடர்பு என்ன? இரண்டு புள்ளி. மூன்றாவது, ஆ கிணற்றில் எப்போதும் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் தருக. நான்காவது, மழைக் காலத்தில் ஒரு கிணற்றின் குளோரைட்டு குறையாமல் கூடினால், நீர் எங்கிருந்து மாசுபட்டிருக்கலாம்?

நான்காவதைச் சும்மா யோசிக்க வைப்பதற்காக, இரண்டு கிழமைக்கு முன் எழுதியிருந்தார். அதற்கு அப்போதே எழுதிவைத்த விடை அவருடைய கையெழுத்திலேயே கீழே கிடந்தது: 'அண்மையிலுள்ள மலக்குழி. மழையால் நிலத்தடி நீர் உயர்ந்து குழியின் அடியைத் தொடுகிறது; சிறுநீரின் உப்பு கிணற்றுக்கு வருகிறது.'

அதை ஒருதரம் வாசித்தார். மறுபடி வாசித்தார்.

வாசலில் செருப்புச் சத்தம். றம்லா முக்காட்டை இழுத்துவிட்டபடி உள்ளே வந்தாள்.

"வாப்பா, உங்கட காய்ச்சல் பாக்கிற கண்ணாடிக் குழாய் இரிக்கா? மைமூனா ராத்தா கேக்கிறா."

"ஆருக்கு?"

"சின்னவள் அசனாவுக்கு. மூணு நாளாக் காயுது. மழக் காய்ச்சல் எண்டு மல்லித் தண்ணி குடுத்துக்கொண்டு இரிந்தாங்க. இண்டைக்கு விடியத் தொடக்கம் கண்ணத் தொறக்குதில்ல."

வெப்பமானிக்குப் பதிலாக அடிமட்டத்தை எடுத்து நீட்டிவிட்டு, பிறகு மாற்றிக் கொடுத்தார். றம்லா பார்த்துவிட்டாள்.

"என்ன வாப்பா?"

"ஒண்டுமில்ல. நீ போ, நான் வாறன்."

ஆவணி மாதத்து நாளொன்று கண் முன்னால் வந்து நின்றது. றம்லாவுக்குப் பிள்ளை பிறந்த கையோடு பழைய கக்கூசு இடிந்துபோக, புதிதாக ஒன்று கட்டவேண்டி வந்தது. இடத்தைக் குறித்தது அவர்தான். றம்லாவின் கிணற்றுக் கட்டிலிருந்து நூலைப் பிடித்து, மருமகனை அந்தத் தலைப்பில் நிறுத்தி அளந்தார். ஐம்பத்து நான்கு அடி. வளவின் கடைசி மூலை, கிடுகு வேலியோரம். "நாலடி கூடவே குடுத்திரிக்கன்," என்று மேசனிடம் பெருமையும் பேசினார். குழி தோண்டும்போது அடியில் மணல் பொடி போலக் காய்ந்து கிடந்தது.

குறிஞ்சாக்கேணியில் எல்லோரும் அப்படித்தான் அளப்பார்கள். தன் கிணற்றிலிருந்து தன் குழிக்கு. வேலி வந்தால் நூல் நின்றுவிடும். வேலிக்கு அடுத்த பக்கம் அடுத்தவன் பாடு.

மகள் வளவுக்குப் போனவர் வீட்டுக்குள் போகவில்லை. நேரே பின் மூலைக்குப் போனார். இரவெல்லாம் பெய்த மழை இன்னும் மணலில் குளமாகத் தேங்கியிருந்தது. கக்கூசின் பின்சுவரில் முதுகை வைத்துக்கொண்டு, கிடுகு வேலியின் ஓட்டைக்குள்ளால் பார்த்தார்.

கிணறு கை எட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது. மைமூனாவின் மூத்தவன் துலாவை இறக்கித் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தான். அடுத்த வீட்டுப் பெண்பிள்ளைகள் இருவர் குடத்தோடு நின்றார்கள். அந்தக் கிணறுதான் ருசி என்று சுற்றியுள்ள நாலைந்து வீட்டார் குடிக்க அங்கேதான் அள்ளுவார்கள்.

அவர் வேலியோரம் ஒரு தடியை எடுத்தார். தடியின் நீளம் தெரியும், ஆறு அடி. வேலிக்கு இந்தப் பக்கம் குழியிலிருந்து ஒரு தடி. வேலிக்கு அப்பால், கண்ணால் ஒரு தடி, இன்னொரு தடி. பதினெட்டு அடி.

தடியை வேலியில் சாத்தி வைத்தார்.

பையன் துலாவை விட்டுவிட்டு வேலிப்பக்கம் எட்டிப் பார்த்தான். "அம்பதடி சேரா? என்ன சேர் அளக்கிறீங்க?"

"அந்தத் தண்ணியில ஒரு போத்தல் தா," என்றார்.

பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. திறப்பு அவரிடம் இருந்தது. அளவியைக் கழுவி, மறுபடி கழுவி, நியமித்தார். 6.2. நூற்று இருபத்து நான்கு. நேற்றையதிலும் கூட.

குளோரைட்டு மட்டும் சாட்சி சொல்லப் போதாது என்று அவருக்குத் தெரியும். உப்பு மூட்டை விழுந்தாலும் குளோரைட்டு ஏறும். அலுமாரியில் பொற்றாசியம் பேர்மங்கனேற்று இருந்தது, ஊரில் கொண்டிஸ் என்று கிணற்றுக்குள் போடுகிற அதே ஊதாப் பளிங்கு. அதை மிக ஐதாகக் கரைத்தார். இரண்டு பரிசோதனைக் குழாய்கள். ஒன்றில் மாதக் கணக்குக்கு எடுத்ததில் மிஞ்சியிருந்த றம்லா வீட்டுத் தண்ணீர், மற்றதில் மைமூனா வீட்டுத் தண்ணீர். இரண்டிலும் அமிலம் சில துளி, ஊதாக் கரைசல் சம அளவு. இரண்டும் றோசாப்பூ நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இளஞ்சூட்டு நீர் நிறைந்த முகவைக்குள் இரண்டையும் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். தண்ணீரில் அழுகல் இருந்தால் அது நிறத்தைத் தின்றுவிடும். இல்லாவிட்டால் நிறம் நிற்கும்.

வாழ்க்கையில் அந்தப் பத்து நிமிடத்தைப் போல நீளமான பொழுதை அவர் கண்டதில்லை. யா அல்லாஹ், நிற்கட்டும், நிற்கட்டும் என்று உதடு அசைந்தது. முதல் குழாய் அப்படியே நின்றது. இரண்டாவது ஐந்தாம் நிமிடத்தில் வெளிறியது. எட்டாம் நிமிடத்தில் நிறமற்ற வெறும் தண்ணீராகிப்போயிற்று.

அவர் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் விடலாம். அட்டவணையில் 46 என்றுதான் இருக்கிறது. கக்கூசை இரவோடிரவாக மூடிவிட்டு, சுவர் சாய்ந்தது என்று ஒரு கதை சொல்லலாம். வாய்விட்டுக் கேட்க யாருமில்லை. ஆனால் நாளை வரைக்கும் எத்தனை குடம்? அந்த இரண்டு பெண்பிள்ளைகள் கொண்டுபோன குடங்கள் இப்போது யாருடைய குசினியில் இருக்கின்றன? சொன்னாலோ, அம்பதடி மாஸ்டர் அடுத்தவள் பிள்ளைக்குப் பீத்தண்ணி பருக்கினான் என்று கிண்ணியா முழுக்கச் சொல்லும். அது பொய்யுமல்ல. இரண்டு பயமும் இரண்டு பக்கத்திலிருந்து நெருக்கின. அசனா கண் திறக்கவில்லை என்று றம்லா சொன்னது மட்டும் நடுவில் நின்றது.

குழாய்கள் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டே நடந்தார். ஒழுங்கையில் கண்டவர்கள் வழிவிட்டார்கள்.

மைமூனா பாயில் பிள்ளையின் தலையை மடியில் வைத்து ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் இறக்கக்கண்டிக் கடலுக்கு மீன்பிடி வாடி போட்டுப் போய் ஒரு மாதம். ஆறு வயதுப் பிள்ளையின் உதடு வெடித்திருந்தது.

"நூத்தி மூணு காட்டுது மாஸ்டர்," என்றாள். "என்ன அது கையில? மருந்தா?"

"மருந்தில்ல புள்ள. இது ஒங்கட கிணத்துத் தண்ணி." அவர் நிறம் போன குழாயைத் தூக்கிக் காட்டினார். "இத இனிக் குடிக்கப்படா. ஒருத்தருக்கும் குடுக்கப்படா. அசனாவ இப்பவே ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"கிணத்துக்கு என்ன?"

"என்ட மகள்ட கக்கூசுக் குழி. வேலிக்கு அங்கால. பதினெட்டடிதான். நான்தான் இடம் காட்டின."

அவள் ஒரு கணம் விளங்காதவள்போல அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"நீங்களா? என்ட மூத்தவன் ராவைக்கு ராவைக்கு அம்பதடி அம்பதடி எண்டு கத்திப் பாடமாக்கினானே, அது ஆரு குடுத்த பாடம்?"

"நான்தான்."

"நூல் வேலிக்கு இஞ்சால வராதோ மாஸ்டர்? எங்கட புள்ளையள் புள்ளையள் இல்லையோ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பிள்ளையைத் துணியோடு வாரித் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். "தூக்குங்க. நீங்கதான் தூக்கணும்."

பிள்ளையின் உடம்பு அடுப்புக் கல்லைப்போலச் சுட்டது. ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தச் சூட்டைச் சட்டைக்குள்ளால் உணர்ந்துகொண்டு ஓடினார், வழி நெடுக ஓதிக்கொண்டே.

டொக்டர் வயிற்றை அமத்திப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். நெருப்புக் காய்ச்சலாக, அதாவது தைபோயிட்டாக, இருக்கலாம் என்றார். இரத்தம் எடுத்துத் திருகோணமலைக்கு அனுப்பவேண்டும், முடிவு வரக் கிழமையாகும், அதற்காக மருந்தை நிறுத்தி வைக்கமுடியாது என்றார். "கிணறா? கிணறு காரணமோ இல்லையோ என்று இப்ப என்னால சொல்ல ஏலாது. ஆனா அந்தத் தண்ணிய ஒருத்தரும் தொடக்கூடாது."

அன்று பின்னேரமே கக்கூசுக் கதவுக்குக் குறுக்கே பலகை அடித்தார். சுகாதாரப் பரிசோதகர் மைக்கலுக்கு ஆள் அனுப்பினார். அங்கே அள்ளும் வீடுகளுக்கெல்லாம் தானே போய்ச் சொன்னார்: குடங்களை ஊற்றிவிடுங்கள், றம்லாவின் கிணற்றில் அள்ளுங்கள், அதையும் கொதிக்கவைத்துக் குடியுங்கள். இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒழுங்கை முனையில் ஒருவன், "அம்பதில முப்பத்திரண்ட ஆருக்கு வித்தீங்க மாஸ்டர்?" என்று கேட்டான். அவருக்கு அது உறைக்கவில்லை. காது முழுக்க ஆஸ்பத்திரிப் பக்கமே இருந்தது.

ஞாயிறு விடியவே களப்புக் கரைக் கிணற்று நீரையும் ஊதாக் கரைசலில் சோதித்தார், நிறம் நின்றது; அதற்கு மிக அருகிலுள்ள குழிக்கு வேலி தாண்டி நூல் பிடித்தார், அறுபத்தொன்பது அடி. அன்றும் காய்ச்சல் இறங்கவில்லை. மைமூனா கட்டிலடியில் இருந்தாள். அவர் வாசல் திண்டில் இருந்தார். அவள் அவரை உள்ளே கூப்பிடவுமில்லை, போகச் சொல்லவுமில்லை.

திங்கள் காலை, துறைக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரியில் ஏறினார். நூறு புள்ளி எட்டு என்றாள் தாதி. அசனா கண்ணைத் திறந்து அவருடைய விரல்களைப் பார்த்தது.

"மாஸ்டர்ட கை ஏன் கறுப்பு?"

"ஒங்கட கிணத்துத் தண்ணிய அளந்த கை," என்றாள் மைமூனா, அவர் பக்கம் திரும்பாமலே. "போய்ட்டு வாங்க. பாதை போயிரும்."

கிண்ணியாத் துறையில் 'பாதை' என்கிற மிதவைப் படகு நிறைய ஆட்கள். வழக்கமாக யாராவது கதை கொடுப்பார்கள். அன்று ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. மடியில் பையை அணைத்துப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டு போனார். பைக்குள் இருந்த தாளுக்கும் ஏதோ நேரப்போகிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

கமலாதேவி ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை யன்னலோரம் பிடித்தார். மெலிந்த, கண்டிப்பான பெண்மணி.

"மாஸ்டர், இஞ்ச இ கிணத்தில அழிச்சு எழுதியிருக்கிறியள். நூற்றிப் பதினெட்டுக்குக் கீழ நாப்பத்தாறு தெரியுது. நாப்பத்தாறுக்குக் கீழயும் நூற்றிப் பதினெட்டுத் தெரியுது. ரெண்டு தரம் அழிச்சிருக்கிறியள்."

"ஓம் ரீச்சர். முதல்ல எழுதினதும் கடைசியா எழுதினதும் உண்மை. நடுவில எழுதினது..." எல்லாவற்றையும் சொன்னார். நூல், வேலி, குழாய், பிள்ளை.

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"திருத்தச் சொல்லி எழுதினது நான்."

"எழுதினது நீங்கள். அழிச்சது நான்."

"அந்தத் துண்டு எங்க?"

எடுத்துக் கொடுத்தார். ரீச்சர் அதை நாலாகக் கிழித்துக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

"இன்னொரு பயமும் இருக்கு ரீச்சர். ஊர் முழுக்க இப்ப அந்தக் கிணத்துக் கதைதான். எங்கட பிள்ளையளுக்கு விடை முன்னமே தெரிஞ்ச மாதிரி. வினா வெளியில போயிட்டு எண்டு ஆரும் சொன்னா, தாளையே தள்ளிப்போடுவாங்க. இத எடுத்துப்போட்டு வேற எழுதவா?"

ரீச்சர் அட்டவணையை மறுபடி பார்த்தார். "கிணறு கெட்டுப்போனது தெரிஞ்ச பிள்ளைக்கும் இந்த எண்ணுகளை வாசிக்கத் தெரியவேணும். இதைப் பார்த்த உடன எல்லாப் பிள்ளையும் ஆ கிணத்தைத்தான் கூடாது எண்டு எழுதும், பெரிய எண் எண்டபடியால். உப்புக் கிணறு ஆளைக் கொல்லாது. சின்ன எண், ஆனா தப்பான நேரத்தில ஏறுது. அதைப் பிடிக்கிற பிள்ளைக்குத்தான் புள்ளி. ஊர்ப் பேரை எடுங்கோ, 'ஒரு கரையோரக் கிராமம்' எண்டு போடுங்கோ. கிணறுகளின்ர எழுத்தை மாத்தி வையுங்கோ. எண்ணில கை வைக்கவேண்டாம். ஆனா ஒரு குறை இருக்கு."

"என்ன ரீச்சர்?"

"குளோரைட்டை மட்டும் வச்சு மலக்குழி எண்டு பிள்ளை எப்பிடித் துணியும்? நீங்களே துணியேல்லையே. ரெண்டாவது சோதனை செய்துதானே நம்பினனீங்கள்?"

உண்மைதான். அவர் ரீச்சரின் மேசையிலேயே உட்கார்ந்து புதிய தாளில் கோடு போடத் தொடங்கினார். முதல் தாளில் கோடு கோணிப் போயிற்று. இரண்டாவதில் கோடுகள் நேராக விழுந்தன. கிணறுகளுக்கு க, ச, த என்று பெயரிட்டு, மைமூனாவின் கிணற்றை நடுவில் வைத்தார். பழைய எண்களை ஒவ்வொன்றாக, கொப்பியில் விரலை வைத்துப் பார்த்து எழுதினார். கீழே சிறிய அட்டவணை ஒன்று சேர்த்தார். அதில் முதல் நிரை, 'ஐதான பேர்மங்கனேற்றுக் கரைசலின் நிறம், 10 நிமிடத்தின் பின்': நின்றது, மறைந்தது, நின்றது. இரண்டாவது நிரைக்கு வந்தபோது பென்சில் சற்று நின்றது. பிறகு எழுதினார்: 'மிக அண்மையிலுள்ள மலக்குழிக்குத் தூரம், மீற்றரில் (வேலிக்கு அப்பால் உள்ளதும் அடங்கலாக)'. 16.5, 5.5, 21.

நான்காவது வினாவையும் மாற்றினார்: 'இம்மூன்றில் எந்தக் கிணற்று நீரைக் குடிக்கவேண்டாம் என நீர் கூறுவீர்? அட்டவணைகளிலிருந்து மூன்று சான்றுகள் தருக.' விடையை முதலில் தானே எழுதிப் பார்த்தார். மூன்று சான்றும் கிடைத்தன. சான்றுக்கு இரண்டு வீதம் ஆறு புள்ளி.

ரீச்சர் ஒவ்வொரு எண்ணையும் கொப்பியோடு ஒத்துப் பார்த்து, கடைசியில் கையெழுத்து வைத்தார்.

"அந்தப் பிள்ளை?" என்று கேட்டார் வாசலில்.

"நூறு புள்ளி எட்டு. இன்னும் சொல்ல ஏலாது."

அலுவலகத்தில் பதினொன்று ஐம்பது. எழுதுவினைஞர் கிறிஸ்தோபர் அரக்குக் குச்சியை விளக்கில் காட்டியபடி நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் தட்டச்சுப் பொறியும் றோணியோ நகல் இயந்திரமும் தயாராக இருந்தன.

"கடைசித் தாள் உங்கடதான் மாஸ்டர். எல்லாம் சரிபார்த்ததுதானே? ஸ்டென்சில் வெட்டினாப் பிறகு ஒரு எண்ணும் மாத்த ஏலாது."

ஆதம்பாவா மாஸ்டர் உறையை மேசைமேல் வைத்தார். கறுத்த விரல்கள் மூன்றும் அதன்மேல் கொஞ்ச நேரம் கிடந்தன.

"மாத்தவேண்டாம்," என்று சொல்லிக் கையை எடுத்தார்.